உரிமையாளர் படிக்கும் மாத அறிக்கை: என் அனுபவம்

ஈரோட்டில் போர்வை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு, அவருடைய இணையதள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸிலிருந்து எடுத்த வரைபடங்களை மாதந்தோறும் அனுப்பிவந்தேன். ஒரு மாதம் அறிக்கையில் 61 விசாரணைகள் என்று இருந்ததைப் பார்த்த அவர், "அத்தனை பேர் எங்கே பேசினார்கள்?" என்று கேட்டார்.

அந்த எண் வாட்ஸ்அப் பொத்தானின் மீதான சொடுக்குகளைக் குறித்தது. சொடுக்கியவர்களில் பலர் செய்தி அனுப்பாமலே திரும்பிவிடுவார்கள். கடைக் கைப்பேசியில் எண்ணிப் பார்த்தபோது, இணையதளம் வழியாக வந்த புதியவர்கள் 23 பேர்தான். பொத்தானைத் தொட்டால் "இணையதளத்தில் பார்த்தேன்" என்ற வரி தானாக எழுதப்படும்படி இணைப்பை மாற்றியதால், அவர்களை இப்போது எளிதாகப் பிரித்தறிய முடிகிறது. அந்த வரியை அழித்துவிட்டு எழுதும் சிலர் மட்டும் கணக்கில் விடுபடுவார்கள்.

இப்போது அறிக்கையில் இணையதள வருகைக்கு ஒரே எண், அதுவும் கடை ஊழியர்களின் வருகையை நீக்கியபின். விற்பனையைப் பில் புத்தகத்திலிருந்து எடுத்து, பணம் வந்த மாதத்தில் அல்லாமல் விசாரணை வந்த மாதத்திலேயே சேர்க்கிறேன். மொத்த வியாபாரத்தில் மாதிரி அனுப்பி விலை பேசி முடிக்கவே வாரங்கள் ஆகிவிடுவதால், பழைய மாத அறிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது.

அடுத்த வேலை என்ற பகுதியில் பொறுப்பாளரும் தேதியும் உள்ள ஒரே வரிதான் இருக்கும். அந்த மாதம் எழுதியது: "குறைந்தபட்சக் கொள்முதல் அளவைப் பொருள் பக்கத்தில் 10ஆம் தேதிக்குள் மேலாளர் சேர்க்க வேண்டும்."