கனங்களின் கூடுதல்: மூலையை இரண்டு முறை எண்ணாதீர்கள்

1³ + 2³ + 3³ + 4³ என்பது 1 + 8 + 27 + 64, அதாவது 100. 1 + 2 + 3 + 4 என்பது 10. அதன் வர்க்கமும் 100. பத்தாம் வகுப்பில் இதை (n(n+1)/2)² என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஏன் இப்படி வருகிறது என்று கேட்டால்தான் குளறுபடி தொடங்குகிறது.

அதிகம் பார்க்கும் தவறு, இதை எல்லா எண்களுக்கும் பொதுவான விதியாக நினைப்பது. 11³ முதல் 20³ வரை கூட்டச் சொன்னால், 11 முதல் 20 வரையான கூடுதல் 155 என்று கண்டுபிடித்து, 155² = 24025 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 41075. 1 முதல் 20 வரை உள்ள கனங்களின் கூடுதல் 210² = 44100; அதில் 1 முதல் 10 வரை உள்ளவற்றின் கூடுதலான 55² = 3025-ஐக் கழிக்க வேண்டும். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. 11-இல் தொடங்குகிறதே என்று 11 வரை கழித்தால் 11³, அதாவது 1331 குறைந்துபோகும்.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெவ்வேறான இயல் எண்கள் எவற்றை எடுத்தாலும் கனங்களின் கூடுதல், கூடுதலின் வர்க்கத்தைவிடக் குறையாது. 1-இலிருந்து இடைவெளியின்றி எடுத்தால் மட்டுமே இரண்டும் சமம். நடுவில் ஓர் எண்ணை விட்டாலும் கனங்கள் முந்திவிடும். 2, 4, 6 எடுத்தால் கனங்களின் கூடுதல் 288, கூடுதலின் வர்க்கம் 144. 2-இல் தொடங்கி எத்தனை இரட்டை எண்களை வரிசையாக எடுத்தாலும் சரியாக இரு மடங்குதான் வரும். ஆகவே நடுவில் தொடங்கும் தொடருக்கு வர்க்கத்தை விடையாக எழுதினால், அது குறைவாகத்தான் இருக்கும்.

சரி, ஏன் சமம்? விதியை ஆரியபட்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஆரியபட்டீயத்தில் நிரூபணம் இல்லை. கி.பி. 1000-ஐ ஒட்டி பாக்தாத்தில் இருந்த அல்-கராஜி 10 வரையான எண்களுக்கு ஒரு சதுரத்தை வைத்துக் காட்டினார். நாம் 4-ஐ மட்டும் பார்ப்போம், கட்டம் போட்ட தாளில்.

1 + 2 + 3 = 6. பக்கம் 6 கட்டம் உள்ள சதுரம் ஒன்றை வரையுங்கள். அதன் வலப்பக்கமும் மேற்பக்கமும் 4 கட்ட அகலத்தில் பட்டை ஒட்டினால், பக்கம் 10 உள்ள சதுரம் கிடைக்கும். ஒட்டிய பட்டை தச்சரின் மூலைமட்டம் போல இருக்கும். அதில் எத்தனை கட்டங்கள்?

இங்கேதான் பலர் தடுக்குகிறார்கள். வலப்பட்டை 4 × 10, மேற்பட்டை 4 × 10, மொத்தம் 80 என்பார்கள். மூலையில் உள்ள 4 × 4 இரண்டு பட்டைகளுக்கும் பொது. அதை இருமுறை எண்ணியதால் 16 கூடிவிட்டது. மூலையையே மறந்து 24 + 24 = 48 என்பவர்களுக்கு 16 குறையும். சரியான கணக்கு 24 + 24 + 16 = 64, அதாவது 4³. இருபுறமும் பிழையின் அளவு n² என்பதால், விடை n²-ஆல் தவறினால் மூலையைத்தான் பார்க்க வேண்டும்.

இதைக் கத்தரித்தும் பார்க்கலாம். 4 × 6 பட்டையில் 4 × 4 சதுரம் ஒன்று போக, 4 × 2 துண்டு மிஞ்சும். சிலர் இதைப் பார்த்ததும் படம் பொருந்தவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பட்டையிலும் அதே துண்டு மிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் இன்னொரு 4 × 4. ஆக, பக்கத்துக்கு ஒன்று, மூலையில் ஒன்று, துண்டுகளால் ஒன்று: மொத்தம் நான்கு சதுரங்கள். n ஒற்றைப்படை என்றால் துண்டே மிஞ்சாது. 5-க்குப் பட்டை 5 × 10. பக்கத்துக்கு இரண்டு, மூலையில் ஒன்று, ஆக ஐந்து. ஒற்றைப்படையை மட்டும் வரைந்து பார்த்தவருக்கு இந்தத் துண்டு விஷயம் தெரியவே தெரியாது.

பொதுவாகச் சொன்னால், உள்சதுரத்தின் பக்கம் n(n−1)/2. பக்கப்பட்டைகள் இரண்டும் சேர்ந்து n²(n−1), மூலை n², கூட்டினால் n³. 1 × 1 சதுரத்தில் தொடங்கி 2, 3, 4 என்று பட்டை ஒட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு பட்டையும் ஒரு கனம்; ஆகவே முழுச் சதுரம் கனங்களின் கூடுதல், அதன் பக்கம் எண்களின் கூடுதல். கணிதத் தொகுத்தறிதலில் எழுதும் படியும் இதேதான். அங்கே n-இலிருந்து n+1-க்குப் போகும்போது இயற்கணிதமாக விரிப்பதில் படம் மறைந்துவிடுகிறது, அவ்வளவே.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. மேலே "வெவ்வேறான" என்று சொன்னது சும்மா இல்லை. எண் திரும்ப வரலாம் என்றால் 1, 2, 2, 4-ஐப் பாருங்கள்: கனங்களின் கூடுதல் 81, கூடுதல் 9, அதன் வர்க்கமும் 81. இவை எங்கிருந்து வந்தன? 6-இன் வகுஎண்கள் 1, 2, 3, 6. அவை ஒவ்வொன்றுக்கும் எத்தனை வகுஎண்கள் என்று எண்ணினால் 1, 2, 2, 4. 6-க்குப் பதில் எந்த இயல் எண்ணை எடுத்தாலும் இது நடக்கும். 12-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். 324 வர வேண்டும்.