முன்பணக் கட்டணமும் திருப்பித் தரும் பதிவும்

ஜூனில் தொடங்கும் பருவத்துக்காகப் பள்ளி ஒரு மாணவரிடம் மார்ச்சிலேயே பெற்ற 20,000 ரூபாய் கட்டணம், அந்த நிதியாண்டின் வருமானம் அன்று. வங்கிக் கணக்கைப் பற்று வைத்து, ‘முன்கூட்டிப் பெற்ற கட்டணம்’ என்னும் பொறுப்புக் கணக்கை வரவு வைக்க வேண்டும்.

மே மாதம் அந்த மாணவர் விலகி, பள்ளி விதிப்படி 2,000 ரூபாய் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தந்தால், அதே பொறுப்புக் கணக்கை முழு 20,000 ரூபாய்க்கும் பற்று வைத்து, வங்கியை 18,000 ரூபாய்க்கும் பிடித்தத்துக்கான இதர வருமானக் கணக்கை 2,000 ரூபாய்க்கும் வரவு வையுங்கள்.

பலர் இங்கே கட்டண வருமானக் கணக்கைப் பற்று வைத்துவிடுகிறார்கள். அதனால் இந்தத் தொகை சேர்க்கப்படாத கட்டண வருமானம் தவறாகக் குறைக்கப்படுவதுடன், விலகிய மாணவரின் தொகை பொறுப்பாகவே தங்கிவிடுகிறது. பருவம் தொடங்குமுன் மாணவர் வாரியான முன்பணப் பட்டியலைப் பேரேட்டு இருப்புடன் ஒப்பிட்டால், பேரேட்டில் அந்த 20,000 ரூபாய் கூடுதலாக நிற்பது தெரியும்.