தி. நகருக்குக் காரில் செல்வோர் நேரக் கணக்கில் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை மாலையில் குரோம்பேட்டையிலிருந்து தி. நகர் பாண்டி பஜாருக்குக் காரில் புறப்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கைபேசி வரைபடம் 45 நிமிடம் என்று காட்டுகிறது. ஆறு மணிக்குக் கிளம்பினால் ஆறே முக்காலுக்குக் கடைக்குள் இருக்கலாம் என்று நம்புவதுதான் முதல் தவறு. அந்த 45 நிமிடம், கடை இருக்கும் சாலையில் கார் உருண்டு வந்து சேரும் நேரம் மட்டுமே. காரை எங்கே நிறுத்துவது, அங்கிருந்து எவ்வளவு தூரம் நடப்பது என்பவை பெரும்பாலும் அந்தக் கணக்கில் இருப்பதில்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. கடைக்கு அருகிலேயே இடம் கிடைத்துவிடும் என்று தெருக்களைச் சுற்றிவரும் பழக்கத்தைச் சொல்கிறேன். சாதாரண நடையில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 மீட்டர் கடக்கலாம். 400 மீட்டர் நடக்க ஐந்து நிமிடம் போதும். ஒருவழிப் பாதைகள் நிறைந்த பகுதியில் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றை மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் முடிக்க ஆறு நிமிடம் ஆகும். ஐந்து நிமிட நடையைத் தவிர்ப்பதற்காக இரண்டு சுற்று சுற்றுகிறவர் பன்னிரண்டு நிமிடத்தை இழக்கிறார். அதன் பிறகும் இடம் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

போன முறை உடனே கிடைத்ததே என்ற எண்ணமும் நம்மை ஏமாற்றும். காலியிடங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதாகக் கொண்டால், ஒரு தெருவின் நிறுத்துமிடங்களில் 90 விழுக்காடு நிரம்பியிருக்கும்போது சராசரியாகப் பத்து இடங்களைக் கடந்தால் ஒன்று காலியாக இருக்கும். 95 விழுக்காட்டில் இருபது இடங்களையும், 99 விழுக்காட்டில் நூறு இடங்களையும் கடக்க வேண்டும். அதாவது தெரு ஏறக்குறைய நிரம்பிவிட்ட நிலையில், இன்னும் சில கார்கள் வந்து நின்றாலே தேடும் நேரம் பல மடங்காகிவிடுகிறது. நமக்கு முன்னால் இடம் தேடிச் செல்லும் கார்கள் இந்தக் கணக்கை மேலும் மோசமாக்கும். காலை பத்து மணிக்குக் கிடைத்த அனுபவத்தை மாலை ஏழு மணிக்குப் பொருத்திப் பார்ப்பது இதனால்தான் தவறாக முடிகிறது.

பார்க்கிங் பொருளாதாரத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் பல நகரங்களின் ஆய்வுகளைத் தொகுத்தபோது, தேடலுக்குச் சராசரியாக எட்டு நிமிடம் ஆனதாகக் கண்டார். ஆனால் அந்த ஆய்வுகள் நெரிசல் மிகுந்த இடங்களில், நெரிசல் மிகுந்த நேரங்களில் செய்யப்பட்டவை. அந்த எண்ணை எல்லாப் பயணத்துக்கும் கூட்டிக்கொள்வதும் பிழையே.

இப்போது நம் பயணத்துக்கு ஓர் உத்தேசக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக் கதவைப் பூட்டி, காரை எடுத்து, வாயிலைக் கடக்க 4 நிமிடம், ஓட்டம் 45, கடையைக் கடந்த பின் இரண்டு சுற்றுக்கு 12, மனம் மாறி, தணிகாசலம் சாலையிலுள்ள பல அடுக்கு வாகன நிறுத்தகத்துக்குச் செல்ல 4, அனுமதிச் சீட்டு பெற்று மேல்தளத்தில் காரை விட 4, கீழே இறங்க 3, கடைக்கு நடக்க 5. மொத்தம் 77 நிமிடம். முதலிலேயே நிறுத்தகத்துக்குச் சென்றிருந்தால் 65 நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மின்சார ரயிலோடு ஒப்பிடும்போது நேரும் தவறும் இங்கேதான் வெளிப்படுகிறது. நிலையத்துக்கு நடக்க 10, காத்திருக்க 8, மாம்பலம் வரை 25, கூட்டத்தினூடே பாண்டி பஜாருக்கு நடக்க 18 என்று ரயில் பயணத்தின் ஒவ்வொரு துண்டையும் கூட்டி 61 என்கிறோம். காருக்கு மட்டும் ஓட்டத்தை எடுத்துக்கொண்டு 45 என்கிறோம். இரண்டையும் வாசலிலிருந்து வாசல்வரை அளந்தால், 16 நிமிடம் முன்னால் நின்ற கார் 4 நிமிடம் பின்தங்கிவிடுகிறது. சுற்றியலைந்தால் 16 நிமிடம் பின்தங்குகிறது. நடக்க இயலாத முதியவர் உடன் வந்தால் காருக்கே முதலிடம் என்பதில் ஐயமில்லை. அப்போதும் அவரை வாசலில் இறக்கிவிடுவது அவருடைய நேரத்தை மட்டுமே குறைக்கும். ஓட்டுநரின் நேரம் குறையாது.

திரும்பும் பயணத்தை மறப்பதும் பொதுவான பிழை. பைகளோடு நடை, மேல்தளத்துக்கு ஏறுதல், வெளியேறும் வரிசை ஆகியவை வீட்டை நோக்கிய ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக்கூடும்.

உங்கள் வழக்கமான பயணத்துக்கு உண்மையான எண் வேண்டுமானால் நான்கு நேரங்களைக் குறித்து வையுங்கள்: வீட்டுக் கதவைப் பூட்டிய நேரம், சேருமிடத்தை முதன்முறை கார் கடந்த நேரம், என்ஜினை நிறுத்திய நேரம், உள்ளே கால் வைத்த நேரம். நேரே நிறுத்தகத்துக்குச் சென்ற நாளில் இரண்டாவது குறிப்பு தேவையில்லை. ஒரே வகையான கிழமையிலும் வேளையிலும் பத்து முறை குறித்த பின், கடைத்தெருவுக்குச் சராசரியை நம்பலாம். மருத்துவரைப் பார்க்கவோ முகூர்த்தத்துக்கோ செல்வதாக இருந்தால், பத்தில் இரண்டாவது மிக நீண்ட நேரத்தை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.