லீஸ்டு லைன் அடிக்கடி விழுந்தால் அக்கவுண்ட் மேனேஜருக்கு எழுதுவது எப்படி?

எங்கள் அலுவலகத்தின் இன்டர்நெட் லீஸ்டு லைன் கடந்த ஜூனில் நான்கு முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் ஹெல்ப்டெஸ்கில் டிக்கெட் போட்டோம், சரிசெய்தார்கள், மூடினார்கள். ஹெல்ப்டெஸ்க் அன்றன்றைய பழுதைத்தான் பார்க்கும். நான்கையும் சேர்த்துப் பார்க்க வைப்பதும் கட்டணத்தில் கழிவு வாங்கித் தருவதும் அக்கவுண்ட் மேனேஜரால்தான் முடியும். அவருக்கு நாங்கள் எழுதிய முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள்

எஸ்எல்ஏ பக்கத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மாதத்துக்கு எத்தனை சதவீதம் லைன் இயங்க வேண்டும், பழுது நேரம் எப்போதிலிருந்து கணக்கு, கழிவு கேட்க எத்தனை நாள் அவகாசம். எங்களுடையதில் 99.5%. முப்பது நாள் மாதத்தில் 720 மணி நேரம். அதில் அரை சதவீதம் 3 மணி 36 நிமிடம். அதற்கு மேல் போனால்தான் கழிவு. நேரமோ லைன் விழுந்த நிமிடத்திலிருந்து இல்லை, டிக்கெட் பதிவான நிமிடத்திலிருந்து. இதைப் படித்த பிறகு, லைன் விழுந்தால் முதல் வேலையே டிக்கெட் போடுவது என்று ஆக்கிவிட்டோம்.

2. ஒவ்வொரு பழுதையும் சரிபாருங்கள்

ஹெல்ப்டெஸ்க் மெயில்களையும் ரௌட்டர் லாகையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ரௌட்டரின் கடிகாரம் யுடிசி-யில் ஓடினால் லாகில் உள்ள நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் அனுப்பினால் பட்டியல் முழுவதும் தவறாகிவிடும்.

எங்கள் நான்கில் 19-ஆம் தேதி விழுந்தது எங்கள் யுபிஎஸ் பழுதால். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். எண்ணிக்கை குறைகிறதே என்று தயங்காதீர்கள். நம் பக்கத் தவறு ஒன்றை அவர்கள் கண்டுபிடித்தால் மற்ற மூன்றையும் சந்தேகப்படுவார்கள்.

26-ஆம் தேதி வேறொரு சிக்கல். லைன் வராமலே டிக்கெட்டை மதியம் 1 மணிக்கு மூடிவிட்டார்கள். உடனே புதிதாக ஒன்று போட்டோம். அவர்கள் ஏட்டில் அது இரண்டு சின்னப் பழுது. உண்மையில் ஒரே நீண்ட பழுது. அதனால் இரண்டு எண்களையும் ஒரே வரியில் எழுதினோம்.

3. மெயிலை எழுதுங்கள்

அக்கவுண்ட் மேனேஜர் இதைத் தன் டெக்னிகல் டீமுக்கும் பில்லிங்குக்கும் அப்படியே ஃபார்வர்ட் செய்வார். அதனால் படிப்பவருக்கு வேறெதையும் தேட வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. கோபத்தைப் போனில் சொல்லிக்கொள்ளலாம்; மெயிலில் வேண்டாம்.

> பொருள்: சர்க்கியூட் 70415, ஜூனில் 3 பழுது, 9 மணி 15 நிமிடம். ஜூலை 10-க்குள் பதில் தேவை
>
> வணக்கம் சார்,
>
> ஜூன் மாதத்தில் எங்கள் லைன் கீழ்க்கண்டவாறு நின்றது. நேரங்கள் டிக்கெட் பதிவானதிலிருந்து.
>
> ஜூன் 4, டிக்கெட் 448213: காலை 10:10 – மதியம் 12:40 (2 மணி 30 நிமிடம்)
> ஜூன் 11, டிக்கெட் 449876: மாலை 3:50 – 6:20 (2 மணி 30 நிமிடம்)
> ஜூன் 26, டிக்கெட் 452301, 452340: காலை 11:15 – மாலை 3:30 (4 மணி 15 நிமிடம்). முதல் டிக்கெட் லைன் வராமலே மூடப்பட்டது.
>
> இயங்கிய அளவு 98.7%. ஒப்பந்தம் 99.5%.
>
> எங்களுக்குத் தேவை:
> 1. மூன்று பழுதுக்கும் எழுத்தில் காரணம், ஜூலை 10-க்குள்.
> 2. மூன்றும் ஒரே இடத்தில் ஃபைபர் அறுந்தவை என்றால், அந்தப் பகுதியை எப்போது மாற்றுவீர்கள் என்ற தேதி.
> 3. எஸ்எல்ஏ-படி மாத வாடகையில் 10% கழிவு, ஜூலை பில்லில்.

இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு மிக முக்கியம். கழிவாகக் கிடைக்கும் பணம் சிறியது. அறுந்த ஃபைபரை ஒட்டி ஒட்டி ஓட்டினால் ஆகஸ்டிலும் இதே மெயிலை எழுத வேண்டியிருக்கும். 'சர்வீஸை மேம்படுத்துங்கள்' என்று பொதுவாகக் கேட்டால், 'கவனிக்கிறோம்' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'முடிந்தது, முடியவில்லை' என்று சொல்லக்கூடிய வடிவம் கொடுங்கள்.

4. அனுப்பிய பிறகு

அன்றே போன் செய்து மெயில் வந்ததா என்று மட்டும் கேளுங்கள். போனில் அவர் ஏதாவது ஒப்புக்கொண்டால், 'நீங்கள் சொன்னபடி' என்று தொடங்கி அதே மெயில் தொடரில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். எங்களிடம் 'லைன் இப்போது நன்றாக இருக்கிறதே' என்றார். காரணம் எழுத்தில் வரும்வரை விஷயத்தை மூட வேண்டாம் என்று பதில் எழுதினோம்.

குறித்த தேதி தாண்டினால் புது மெயில் தொடங்காதீர்கள். ஒப்பந்தத்தோடு வந்த எஸ்கலேஷன் மேட்ரிக்ஸில் அடுத்து இருப்பவரை அதே தொடரில் சேர்த்து, 'ஜூலை 10-க்குள் கேட்டிருந்தோம், இதில் 1-உம் 2-உம் இன்னும் வரவில்லை' என்று எழுதுங்கள். பில் வந்ததும் கழிவு விழுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விழாவிட்டால் முழுத் தொகையைக் கட்டும் முன்பே, பில் எண்ணைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.