எரிந்தது காரத்தால் இல்லை

காசிமேட்டு மீன் வாங்கி வைத்த காரக் குழம்பு சாப்பிட்ட மறுநாள், நெஞ்சு நடுவே தீயாக எரிந்தது. காரத்தை நிறுத்தி மோர், இளநீர், குழைந்த கஞ்சி என்று மாறினேன். ஆறிய பால் குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும், திரும்ப எரியும்.

விசித்திரம் என்னவென்றால், வெறும் தண்ணீரை விழுங்கினாலும் அதே ஒரு இடத்தில் சுருக்கென்று குத்தியது. வழக்கமான நெஞ்செரிச்சல் சாப்பிட்ட பிறகு கீழிருந்து மேலே ஏறும். இது அப்படியில்லை.

ராயபுரத்தில் பார்த்த டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்றார். பருவுக்காக டாக்ஸிசைக்ளின் கேப்ஸ்யூல், படுக்கும்போது ஒரு மடக்குத் தண்ணீரோடு. அது உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து அங்கேயே புண்ணாக்குமாம். அதை நிறுத்தி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். சில நாளில் இட்லி வலியில்லாமல் இறங்கியது, அப்பாடா என்றிருந்தது. இப்போது எந்த மாத்திரைக்கும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர். அரை மணி நேரமாவது படுப்பதில்லை.

வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு வாங்கினால், மோர் கரைத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, சாப்பாடு தொண்டையில் சிக்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.