அகலப் பாவாடைக்குக் குர்த்தியைச் சரிசெய்த கதை

ஈரோடு ஜவுளிச் சந்தையில் எடுத்த காட்டன் துணியில் தைத்த நீளப் பாவாடை, நல்ல சுருக்கம், கீழ்ச்சுற்று 4 மீட்டர். அதன் மேல் தொளதொள குர்த்தி போட்டால் இடுப்பே தெரியாமல் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாகத் தெரிந்தது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்த்ததும்தான் காரணம் புரிந்தது: குர்த்தியின் ஓரம் சரியாக இடுப்பின் அகலமான இடத்தில், அதுவும் சுருக்கம் உப்பியிருக்கும் இடத்தில் முடிந்தது, அதனால் குடை மாதிரி விரிந்து நின்றது.

எங்கள் தெரு தையல்கார அக்கா பார்த்துவிட்டு, "கீழ அகலமுன்னா மேல ஒட்டுனாப்ல இருக்கோணும் கண்ணு" என்றார். முதலில் நீளத்தைக் குறைத்தோம், இடுப்புப் பட்டிக்குக் கீழே 2 அங்குலம் மட்டும் வருகிற மாதிரி. அப்புறம் இரண்டு பக்கத் தையலையும் உள்ளே பிடித்தோம், ஆனால் காட்டன் இழுபடாது என்பதால் மார்பளவை விட 2 அங்குலம் தாராளமாக விட்டு, பக்கத்தில் ஜிப் வைத்தோம். ஓரத்தில் சின்னத் திறப்பும் வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் குர்த்தியை மேலே தள்ளிவிடும்.

கையைத் தூக்கியும், உட்கார்ந்தும் பாருங்கள். வயிறு தெரிந்தால் நீளம் போதவில்லை, மார்பில் குறுக்கே கோடு விழுந்தால் பிடிப்பு அதிகம்.

கஞ்சி போட்டால் பாவாடை இன்னும் உப்பும், அதனால் நான் போடுவதில்லை. சுருக்கமில்லாத நேர்ப் பாவாடையாக இருந்தால் அந்தப் பழைய தொளதொள குர்த்தியே போதும்.