வயலில் கிடந்த கல்: தானாக உடைந்ததா, யாரோ உடைத்ததா?

1863இல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்காலக் கைக்கோடாரி, குவார்ட்சைட் என்ற கடினமான கல்லில் செய்தது. திருவள்ளூர் பக்கம், அதிரம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் உழும்போது இன்றும் அதே கல்தான் மேலே வருகிறது. கிடைத்தது கற்கால மனிதன் செய்த கருவியா என்று உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோடாரி மாதிரியே இருக்கும் சாதாரணக் கல் நிறைய உண்டு.

பெரிய கல்லிலிருந்து பெயர்ந்த சில்லாக இருந்தால், தட்டையான அடிப்பகுதியை முதலில் பாருங்கள். மனிதன் அடித்த இடம் அதுதான். அதற்குக் கீழே, உட்பக்கத்தில், விரலால் தடவினால் லேசான புடைப்பு தெரியும். வெயிலிலோ நெருப்பிலோ வெடித்த கல்லில் இந்த அடிப்பகுதியும் இருக்காது, புடைப்பும் இருக்காது.

ஆனால் ஒரு புடைப்பை மட்டும் நம்பக் கூடாது. ஆற்று வெள்ளத்தில் கற்கள் மோதினாலும் அது வரும். அதனால் விளிம்பைப் பாருங்கள். கைக்கோடாரியில் சில்லு பெயர்ந்த குழிகள் இரண்டு முகங்களிலும் விளிம்பிலிருந்து உள்நோக்கி, ஒன்றையொன்று வெட்டியபடி வரிசையாகப் போகும். பக்கவாட்டில் பிடித்தால் விளிம்பு வளைந்து வளைந்து தெரியும். இயற்கை உடைவில் குழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும்.

அப்புறம் நிறம். டிராக்டர் கலப்பை பட்ட உடைவு பளிச்சென்று புதிதாக இருக்கும். பழைய குழிகளில் கல்லின் மற்ற பரப்பைப் போலவே பழுப்பேறியிருக்கும்.

கருவியாக இருக்குமோ என்ற சந்தேகம் வலுத்தால் கல்லைக் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.